வீட்டு பாத்ரூமில் யூரினல் வைக்கலாமா? சுவரை உடைக்கும் முன் டேப்பும் வாளியும் எடுங்கள்

"சீட்டை ஈரம் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

ஒரே பாத்ரூமை மொத்தக் குடும்பமும் பயன்படுத்தும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. சொல்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். கேட்டும் கேட்காத மாதிரி நகர்ந்துவிடுபவர் ஆண். கடைசியில் துணியை எடுத்துத் துடைப்பவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வீடு கட்டும்போதோ, பழைய பாத்ரூமை மாற்றும்போதோ ஒரு யோசனை வருவது இதனால்தான். ஆபீஸிலும் தியேட்டரிலும் இருக்கிற மாதிரி, சுவரில் மாட்டும் யூரினல் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம். ஆனால் கடையில் பளபளவென்று தொங்கும் பீங்கானைப் பார்த்து முடிவெடுத்தால் ஆறு மாதத்தில் வருத்தப்பட வேண்டியிருக்கும். பீங்கான் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. சுவருக்குள் போகும் இரண்டு குழாய்கள் அப்படியில்லை. ஒன்று தண்ணீர் கொண்டுவருவது, இன்னொன்று கழிவைக் கொண்டுபோவது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் எந்த யூரினலும் சரியாக இருக்கும். இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்ததும் நாறும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு, திருச்சியில் முதல் மாடி எடுக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, 8 வயது மகன், கணவனின் அப்பா, அம்மா. மாடியில் ஒரே ஒரு பொது பாத்ரூம். வரைபடத்தில் 5 அடிக்கு 8 அடி. நம் ஊர் வீடுகளில் சர்வசாதாரணமான அளவு இது.

யூரினல் வேண்டும் என்று கேட்பவர் மருமகள். "வேண்டாம்மா, வீடு பூரா பஸ் ஸ்டாண்ட் மாதிரி நாத்தம் அடிக்கும்" என்று பயப்படுபவர் மாமியார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாமியாரின் பயத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். முதலில் இடம்.

8 அடி என்றால் 244 சென்டிமீட்டர், 5 அடி என்றால் 152. கதவு குறுகலான பக்கத்துச் சுவரில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இடதுபக்க நீளச் சுவரில் வரிசையாக வாஷ் பேசின், வெஸ்டர்ன் டாய்லெட், கடைசியில் குளிக்கும் இடம். இதுதான் இன்ஜினீயர் போட்டுக்கொடுத்த பிளான்.

சிறிய யூரினல் ஒன்று ஏறக்குறைய 30 முதல் 35 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சுவரிலிருந்து முன்னால் துருத்திக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "அட, இவ்வளவு சின்னதா, எங்க வேணாலும் மாட்டலாமே" என்று தோன்றும். ஆனால் இடம் தேவைப்படுவது பீங்கானுக்கு அல்ல, அதன் முன்னால் நிற்கும் ஆளுக்கு. யூரினலின் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துச் சுவர் வரை குறைந்தது 38 சென்டிமீட்டர் வேண்டும். தோள் இடிக்காமல் நிற்க அவ்வளவு தேவை. பக்கத்தில் டாய்லெட் இருந்தால், இதன் நடுக்கோட்டுக்கும் அதன் நடுக்கோட்டுக்கும் இடையில் 75 சென்டிமீட்டராவது விட வேண்டும். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கோடு பார்த்தால் நம் திருச்சி வீட்டில் பேசின், டாய்லெட், குளியல் மூன்றையும் வைத்துக்கொண்டு யூரினலையும் நுழைக்க முடியாது. எதிர்ச்சுவரில் மாட்டலாமே என்றால், டாய்லெட்டுக்கு நேர் எதிரே அது வந்தால் நடுவில் நடக்க அரை மீட்டர்தான் மிஞ்சும். குளிக்கும் இடத்துக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் யூரினலை உரசிக்கொண்டு போவார்.

இதற்கு எளிய வழி, வாஷ் பேசினை வெளியே எடுப்பது. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் கைகழுவ ஒரு பேசின் எப்படியும் நம் வீடுகளில் இருக்கும். பல் தேய்ப்பது, முகம் கழுவுவதெல்லாம் அங்கே போய்விட்டால், உள்ளே காலியாகும் இடத்தில் யூரினல் உட்கார்ந்துவிடும். கதவுப் பக்கச் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டரில் யூரினலின் நடுக்கோடு. அங்கிருந்து 75 தள்ளி, அதாவது 115-ல் டாய்லெட்டின் நடுக்கோடு. அதற்கப்புறம் 38 விட்டால் 153. மிச்சம் 91 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட மூன்று அடி, குளிக்க. முன்பக்கம் பிரச்சினையே இல்லை. 152-ல் யூரினல் 33 போனாலும் 119 நிற்பதற்கு இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தப்பிவிடுகிறது. பிளானில் இருக்கும் 8 அடி என்பது செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இடையே உள்ள அளவு. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் சாப்பிட்டுவிடும். 244 என்று நினைத்தது முடிவில் 238-தான் இருக்கும். குளிக்கும் இடம் 91-லிருந்து 85 ஆகிவிடும். அதுவும் போதும்தான். ஆனால் அந்த 6 சென்டிமீட்டரை நம்பி வேறு எதையாவது திட்டமிட்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

காலை வரிசை குறையுமா?

யூரினல் வைக்கும் பலர் மனதில் இருக்கும் நம்பிக்கை, "காலையில பாத்ரூம் வாசல்ல நிக்கிற கூட்டம் குறையும்" என்பது. ஒரே அறைக்குள் வைத்தால் அது நடக்காது. யூரினலில் ஒருவர் இருந்தாலும் கதவு தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கும். வெளியே நிற்பவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். ஆக, பொது பாத்ரூமுக்குள் வைக்கும் யூரினலால் கிடைக்கும் லாபம் இரண்டுதான்: சீட் ஈரமாகாது, தண்ணீர் மிச்சமாகும்.

வரிசையும் குறைய வேண்டும் என்றால் யூரினலுக்குத் தனிக் கதவு வேண்டும். மாடிப்படிக்குக் கீழே அல்லது பின்கட்டில் துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதற்கு இடம் கிடைக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகு 80 சென்டிமீட்டர் அகலம், 95 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். கதவு மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால் ஆள் நிற்க முடியாது. மாடிப்படிக்குக் கீழே என்றால் தாழ்வான பக்கம் யூரினலை வைத்து, உயரமான பக்கம் ஆள் நிற்கிற மாதிரி அமைக்கலாம். நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும். ஜன்னல் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மேலே சமையலறையோ பூஜை அறையோ வரும் இடத்தையும், அவற்றோடு சுவரைப் பகிரும் இடத்தையும் தவிர்த்துவிடுவது நல்லது. வீட்டில் பின்னால் வரும் சண்டையும் மிச்சம்.

உயரம் யாருக்கு?

பொது இடங்களில் யூரினலின் முன்விளிம்பு தரையிலிருந்து சுமார் 60 முதல் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பிளம்பரும் பழக்கத்தில் அதே உயரத்தில்தான் மாட்டுவார். 8 வயதுப் பையனுக்கு அது எட்டாது. நுனிக்காலில் நின்று முயற்சி செய்வான், சுவரெல்லாம் தெறிக்கும். முக்காலி போட்டுக் கொடுத்தால் ஈரத் தரையில் வழுக்கும்.

சரி, பையனுக்காக ரொம்பக் கீழே இறக்கலாமா? அதுவும் வேண்டாம். விழும் தூரம் கூடக்கூட அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் திரும்பத் தெறிப்பது கூடும். முன்விளிம்பு நன்றாக நீண்டு வரும் மாடலைத் தேர்ந்தெடுத்து, விளிம்பை 52 முதல் 55 சென்டிமீட்டரில் வைத்தால் வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும். இரண்டு, மூன்று வருடத்தில் பையன் எப்படியும் வளர்ந்துவிடுவான்.

தெறிப்பது உயரத்தால் மட்டும் வருவதல்ல, கோணத்தாலும் வருகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வில், தாரை பீங்கானின் பரப்பை 30 டிகிரிக்கும் குறைவான கோணத்தில், அதாவது சாய்வாக உரசுகிற மாதிரி தொட்டால் தெறிப்பது வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். கடையில் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பின்சுவர் தட்டையாக நம் முகத்தைப் பார்த்து நிற்கும் மாடலைவிட, உள்பக்கம் குழிந்து, பக்கவாட்டில் வளைந்து போகும் மாடல் மேல்.

வாங்குவதற்கு முன் ஒரு அட்டைப் பெட்டியை அதே அளவுக்கு வெட்டி, நினைத்த உயரத்தில் சுவரில் ஒட்டிப் பாருங்கள். வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் முன்னால் நின்று பார்க்கட்டும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அரைமணி நேரத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

எந்த ஃப்ளஷ்? வாளியைக் கேளுங்கள்

ஷோரூமில் கையைக் காட்டினால் தானாகத் தண்ணீர் விடும் சென்சார் யூரினலைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய்விடும். வீட்டில் அதை மாட்டிய பிறகு, "தண்ணி சும்மா ஒழுகுது, அலசவே மாட்டேங்குது" என்று புலம்பல் வந்தால் குறை பெரும்பாலும் சென்சாரில் இல்லை, மொட்டைமாடி டேங்கில் இருக்கிறது.

எப்படி என்று திருச்சி வீட்டை வைத்தே பார்ப்போம். ஃப்ளஷ் வால்வு பாத்ரூம் தரையிலிருந்து சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். அறையின் கூரை 3 மீட்டர் உயரம். கூரைக்கு மேலே ஒரு மீட்டர் மேடை கட்டி டேங்க் வைத்திருக்கிறார்கள். ஆக, வால்வுக்கும் டேங்கின் அடிமட்டத்துக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 3 மீட்டர்தான். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத் தண்ணீரும் சுமார் 1 பார் அழுத்தம் தரும். 3 மீட்டர் என்றால் 0.3 பார். மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், சென்சார் வால்வுகளுக்கு 0.5 பாராவது கேட்பது வழக்கம். பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ குறைந்தபட்ச அழுத்தம் என்று அச்சிட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

இதே சென்சார் கீழ்த்தளத்து பாத்ரூமில் நன்றாக வேலை செய்யும். அங்கே டேங்க் ஒரு மாடி கூடுதல் உயரத்தில் இருப்பதால் அழுத்தம் 0.6 பாரைத் தொடும். டேங்குக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி பாத்ரூம்தான் அழுத்தத்தில் எப்போதும் ஏழை. டேங்க் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீர் நன்றாக வரும் என்று நினைப்பது நேர் எதிர்.

கணக்கே வேண்டாம் என்றால் ஒரு வாளி போதும். யூரினல் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கும் அரை அங்குலக் குழாயை முழுசாகத் திறந்து 10 விநாடி பிடியுங்கள். 2 லிட்டருக்கு மேல் விழுந்தால் நேரடி வால்வு வைக்கலாம். அதற்குக் கீழே என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கும்போது பிடிக்காதீர்கள், கால்வாசி இருக்கும்போது பிடித்துப் பாருங்கள். அதுதான் உண்மையான நிலவரம்.

அழுத்தம் குறைவான வீட்டுக்கு ஏற்றது, யூரினலுக்கு மேலே சுவரில் மாட்டும் இரண்டு, மூன்று லிட்டர் சின்ன ஃப்ளஷ் டேங்க். மேலிருந்து சொட்டுச் சொட்டாக நிரம்பினாலும், அழுத்தும்போது மொத்தமாக இறங்கும் என்பதால் குழாயின் அழுத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. பார்க்கப் பழைய ஸ்டைலாக இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் ஏற்கனவே பிரஷர் பம்ப் இருந்தால், கையால் அழுத்தும் வால்வோ சென்சாரோ எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

சென்சார் வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சின்ன பாத்ரூமில் அது யூரினலுக்கு முன்னால் நிற்பவரை மட்டும் பார்ப்பதில்லை. குளிக்கப் போகிறவர், திறக்கும் கதவு, தொங்கும் துண்டு எல்லாவற்றையும் பார்த்துத் தண்ணீர் விடும். அது பார்க்கும் தூரத்தைக் குறைக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கரன்ட் போனாலும் ஓடும் பேட்டரி மாடல் நம் ஊருக்கு உசிதம்.

தண்ணீரே தேவைப்படாத யூரினல் என்றும் ஒன்று இருக்கிறது. சில வகைகளில் அடியில் உள்ள உறைக்குள் எண்ணெய் மாதிரியான திரவம் மிதந்து நாற்றத்தை அடைத்துக்கொள்ளும். மாலிலும் ஆபீஸிலும் அதைப் பராமரிக்க ஆள் உண்டு. வீட்டில்? ஒரு நாள் யாராவது நல்ல எண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீரும் பினாயிலும் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். திரவம் அடித்துக்கொண்டு போய்விடும், அன்றிலிருந்து நாற்றம் ஆரம்பிக்கும். வீட்டுக்கு அது வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு மிச்சமாகும்? மூன்று ஆண்கள் சேர்ந்து வீட்டில் ஒரு நாளைக்கு 12 முறை போகிறார்கள் என்று வையுங்கள். டாய்லெட்டில் சின்ன பட்டனை அழுத்தினாலே முறைக்கு 3 லிட்டர், மொத்தம் 36. யூரினலில் முறைக்கு 1 லிட்டர் விட்டால் 12. தினம் 24 லிட்டர் மிச்சம், வருடத்துக்கு 8,760 லிட்டர். ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று. டாய்லெட்டில் எப்போதும் பெரிய பட்டனையே அழுத்துகிற வீடாக இருந்தால் மிச்சம் இன்னும் கூடும்.

கழிவுக் குழாய்: இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள்

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருவோம்.

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே நஹானி டிராப் என்ற கிண்ணம் இருக்கும். யூரினலின் கழிவைக் கொண்டுபோய் அதிலேயே விட்டுவிடுவது பிளம்பருக்குச் சுலபம். "சார், பக்கத்துலயே இருக்கு, இதுல விட்டுடலாம், சுவரை உடைக்க வேண்டாம்" என்பார். அதற்குச் சம்மதித்துவிட்டால் மாமியார் சொன்னது பலித்துவிடும்.

ஏனென்றால் அந்தக் கிண்ணத்துக்கு மேலே இருப்பது வெறும் ஜாலி. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். யூரினலிலிருந்து வருவது அதில் கலந்து, திறந்தவெளியில் தேங்கி, அறைக்குள்ளேயே நாறும். யூரினலை எவ்வளவு தேய்த்தாலும் பலன் இருக்காது, நாற்றம் வருவது தரையிலிருந்து. அது மட்டுமல்ல, பல வீடுகளில் குளியல் தண்ணீர் செடிகளுக்கோ தனிக் குழிக்கோ போகும். சிறுநீர் அங்கே போகக்கூடாது. டாய்லெட் கழிவு போகும் அதே பெரிய குழாயில்தான் யூரினலின் கழிவும் சேர வேண்டும்.

யூரினலுக்கு அடியில் தனியாக ஒரு டிராப், அதாவது வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் அமைப்பு வேண்டும். அந்தத் தண்ணீரின் ஆழம் 50 மில்லிமீட்டர் இருந்தால் சாக்கடைக் காற்று மேலே வராது. அங்கிருந்து 50 மில்லிமீட்டர் குழாய், நம் ஊர்ப் பேச்சில் 2 இஞ்ச் பைப், மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவோடு டாய்லெட் குழாய்க்குப் போக வேண்டும். யூரினலையும் டாய்லெட்டையும் ஒரே சுவரில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தூரம் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், திருப்பமும் குறைவு. எதிர்ச்சுவரில் வைத்தால் குழாய் தரைக்கு அடியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடைப்பு வந்தால் டைல்ஸைத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

டிராப்பைச் சுவருக்குள் மூடி மறைத்துவிடாதீர்கள். கையால் கழற்றக்கூடிய பாட்டில் டிராப் வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும். அழகு கொஞ்சம் குறையும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவும்போது அதன் அருமை தெரியும்.

இந்த வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யும்போது யூரினலின் அடியில் "களக் களக்" என்று சத்தம் வந்தால், ஓடும் தண்ணீர் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சி இழுக்கிறது என்று அர்த்தம். குழாய்க்குக் காற்றுப் போக்கி இல்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிட வேண்டும்.

சுத்தம்: பினாயில் ஏன் போதாது?

புதிய சிறுநீரில் அவ்வளவாக வாடை இல்லை. அதில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வருகிறது. அம்மோனியா கூடும்போது, சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கல்லாகப் படிய ஆரம்பிக்கும். யூரினலின் ஓட்டையைச் சுற்றி மஞ்சளாக, சொரசொரப்பாகத் தெரிவது அதுதான். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். டிராப்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் படிந்திருப்பது அதிகம். அந்தப் படிவின் இடுக்குகளில் பாக்டீரியா குடியிருப்பதால், கழுவிய இரண்டு மணி நேரத்தில் திரும்ப நாறுகிறது.

உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். கழுவ விடும் தண்ணீரே தன் பங்குக்குக் கால்சியத்தைக் கொண்டுவருகிறது.

பினாயிலும் சோப்பும் இந்தக் கல்லைக் கரைக்காது. அமிலம்தான் கரைக்கும். அதற்காக "ஆசிட்" பாட்டிலைத் தேட வேண்டாம். அது குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் கரைத்து, இரவு எல்லோரும் தூங்கப் போன பிறகு யூரினலில் மெதுவாக ஊற்றுங்கள். டிராப்பில் நின்ற தண்ணீர் போய் இந்தக் கரைசல் அங்கே நிற்கும். அன்று இரவு மட்டும் ஆண்கள் டாய்லெட்டைப் பயன்படுத்தட்டும். காலையில் பிரஷ்ஷால் தேய்த்து ஃப்ளஷ் செய்தால் படிவு உதிர்ந்து வரும். மாதத்துக்கு ஒருமுறை இது போதும். உப்புத் தண்ணீர் வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

இதில் ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது. எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடரைக் கலக்கக்கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அமிலம் ஊற்றாவிட்டாலும், கழுவாத யூரினலில் நேரடியாக பிளீச்சிங் போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயு உண்டாகும்.

அந்துருண்டை போடும் பழக்கத்தையும் பொது இடத்தோடு விட்டுவிடலாம். அது நாற்றத்தை மறைக்குமே தவிர நீக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுவிடும் அபாயமும் உண்டு. நாப்தலீன் விழுங்கினால் சில குழந்தைகளுக்கு ரத்த சிவப்பணுக்கள் சிதையும்.

தினசரி வேலை எவ்வளவு? ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ், வாரம் இரண்டு முறை பிரஷ், அடியில் தரையைத் தினமும் ஒரு மக் தண்ணீர் ஊற்றித் தள்ளுவது. நாற்றம் என்று புகார் வந்தால் முதலில் அந்தத் தரையைப் பாருங்கள். கடைசிச் சொட்டுகள் விழுவது பீங்கானில் அல்ல, அங்கேதான். அங்கே மிதியடி போடவே கூடாது. டைல்ஸ் இடுக்கில் சாதாரண சிமென்ட்டுக்குப் பதில் எபாக்சி அடைத்தால் ஊறாது. இந்த வேலையெல்லாம் யாருக்கு என்பதைப் பீங்கான் வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. சீட் துடைக்கும் வேலை போய் யூரினல் தேய்க்கும் வேலை அதே பெண் தலையில் விழுந்தால், மருமகள் கேட்டதற்கு அர்த்தமே இல்லை.

கோடை லீவுக்கு மூன்று, நான்கு வாரம் ஊருக்குப் போனால் டிராப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை முகத்தில் அடிக்கும், கரப்பான்பூச்சியும் ஏறி வந்திருக்கும். கிளம்பும் அன்று ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தடுக்கும்.

தாத்தாவுக்கு உதவுமா?

"அப்பா ராத்திரில நாலு தடவை எழுந்திரிக்கிறார், அவருக்கு வசதியா இருக்கும்" என்பதுதான் பல வீடுகளில் யூரினலுக்குச் சொல்லப்படும் காரணம். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வயதானவர்கள் தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து, நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது ரத்த அழுத்தம் குறைந்து மயங்கி விழுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். இரவில் உட்கார்ந்து போவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து போகும்போது சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குவது குறைந்தது. ஆரோக்கியமான ஆண்களுக்கு நின்றாலும் உட்கார்ந்தாலும் வித்தியாசம் இல்லை.

குனிந்து உட்கார முடியாத முழங்கால் வலிக்காரருக்குப் பகலில் யூரினல் உண்மையாகவே உதவும். அப்படி வைப்பதானால் பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி ஒன்று வேண்டும். பிடிமானம் இல்லாவிட்டால் அவர் பீங்கானைத்தான் பிடிப்பார். நாலரை அங்குலச் சுவரிலோ லேசான ஏஏசி பிளாக் சுவரிலோ சாதாரண பிளக்கும் ஸ்குருவும் அந்தப் பாரத்தைத் தாங்காது. அதற்கென்று உள்ள ஆங்கர் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

திருச்சி வீட்டுக்கு வருவோம். மாமியார் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. யூரினலை இப்போது வாங்காமலே, குழாய்களை மட்டும் போட்டு வைக்கலாம். மாடலை முடிவு செய்து, அதன் அளவுத் தாளில் உள்ளபடி தண்ணீர்ப் புள்ளியையும் 2 இஞ்ச் கழிவுப் புள்ளியையும் சுவரில் விட்டு மூடி போட்டுவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை, பக்கத்துச் சுவரிலிருந்து எத்தனை என்று எண்கள் தெரிகிற மாதிரி போனில் இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து "மாட்டிடலாம்" என்று முடிவானால் பிளம்பருக்கு அந்த இரண்டு போட்டோ போதும், வேறெந்த டைல்ஸையும் தொடாமல் மூடி இருக்கும் இடத்தை மட்டும் திறந்து வேலையை முடித்துவிடுவார்.